மாதோட்டத்தில் கப்பலேறியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் இலக்கியப் பக்கம் படித்தேன். சங்கப் புலவர் ஈழத்துப் பூதந்தேவனார் மாதோட்டத்தில் பிறந்தாராம், இளவயதில் கப்பலேறி மதுரைக்குப் போனாராம், மன்னார்க் கடலை நினைத்து நினைத்துப் பாடினாராம். கப்பல் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்பதை ஏன் விட்டீர்கள்?

நீங்கள் அறியாததல்ல. அவர் பாடியதாக இருப்பவை ஏழு பாட்டு. அகநானூற்றில் மூன்று, குறுந்தொகையில் மூன்று, நற்றிணையில் ஒன்று. ஏழில் ஒன்றுகூட நெய்தல் இல்லை. பிறகு எந்தக் கடலை நினைத்தார்? நெய்தல் பாடியிருந்தாலும் அது திணை மரபு. ஊர் நினைவுக்குச் சாட்சியாகாது.

அவருடைய வாழ்க்கை என்று நம் கையில் இருப்பது பாட்டோடு சேர்த்து எழுதிவைத்த பெயர் மட்டும்தான். பெயர் கிடைக்காத புலவருக்குப் பாட்டில் வந்த உவமையையே பெயராக்கிய மரபு அது. செம்புலப் பெயல்நீரார் அப்படி வந்தவர். பூதந்தேவனார் என்பதற்குப் பூதனின் மகன் தேவன் என்று பொருள் கொள்கிறார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நமக்கு அது விளங்கும். சில பாட்டில் அந்தப் பெயருக்கு முன்னால் 'மதுரை' என்றும் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஈழத்து ஆள், மதுரையில் இருந்திருக்கிறார் என்ற அளவில் ஊகம் நின்றுவிடுகிறது. மாதோட்டம் எங்கிருந்து வந்தது?

காலத்தையும் சுற்றிவளைத்துத்தான் பிடிக்கிறார்கள். அவர் பாடிய அகநானூறு 231இல் பசும்பூண் பாண்டியன் வருகிறான். பரணரின் குறுந்தொகை 393இலும் அவனே வருகிறான். ஆகவே இருவரும் கிட்டத்தட்ட ஒரே காலம் என்பார்கள். முந்திய தலைமுறை அரசனையும் புலவன் பாடலாமே என்ற சந்தேகம் அதிலும் உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் திருப்பரங்குன்றத்துக் குகையில் 'ஈழக் குடும்பிகன்' ஒருவனைச் சொல்லும் தமிழ்பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் காலத்தில் ஈழத்தவர் அங்கே இருந்ததற்கு அது சான்று. நம் புலவர் அந்த ஆளல்ல.

இதே பக்கத்தில் முந்தி ஒருமுறை வெவ்வேறு காலத்து ஔவையார் எல்லோரையும் ஒரே கிழவியாக்கி, கோலும் கையுமாகப் படம் போட்டீர்கள். நான் எழுதிய கடிதம் இடமின்மையால் வரவில்லை என்றார்கள். அன்று அந்தப் பக்கத்தில் பாதிக்கு நகைக்கடை விளம்பரம். சரி, பிழைப்பு.

பேத்தி தமிழ்த்தினப் பேச்சுப் போட்டியில் "அவர் பிறந்த ஊர் தெரியவில்லை" என்று சொன்னாள். தயார்ப்படுத்தல் போதாது என்று நடுவர் புள்ளி குறைத்தார். அவர் கையில் உங்கள் பத்திரிகை இருந்ததா என்று நான் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் நின்று நான் சொல்லிக்கொடுத்ததும் அந்த "தெரியவில்லை"தான்.

ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும். மரண அறிவித்தல்களுக்குக் கீழே வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சுன்னாகம்.