உங்கள் அறிக்கையில் n ஏன் 0.62 என்று வந்தது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புரதமும் மருந்து மூலக்கூறும் பிணைவதை வெப்ப டைட்ரேஷனில் அளந்து உங்களுக்கு அறிக்கை அனுப்புகிறோம். அதில் n என்பது ஒரு புரத மூலக்கூறில் எத்தனை மருந்து மூலக்கூறு பிணைகிறது என்ற எண். அதைப் படித்துவிட்டு உங்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்கள் புரதத்தில் பிணைப்பிடம் ஒன்றுதான் இருக்கிறது, n எப்படி 0.62 ஆகும்? அதை 1 என்று வைத்துத் திரும்பக் கணக்கிட்டுத் தர முடியாதா?" முடியாது என்று ஒரு வரியில் பதில் போட்டு வந்தோம். அது மரியாதையான பதில் இல்லை. அதோடு, இந்த விஷயத்தில் நாங்களே ஒருமுறை சறுக்கியிருக்கிறோம். அதையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் கருவி என்ன அளக்கிறது என்று பார்ப்போம். உள்ளே இரண்டு கலங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் உங்கள் புரதம். இரண்டையும் ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கக் கருவி தொடர்ந்து சிறிது மின்சக்தி கொடுத்துக்கொண்டே இருக்கும். சிரிஞ்சிலிருந்து லிகண்ட், அதாவது பிணைய வரும் மருந்து மூலக்கூறு, இரண்டு மைக்ரோலிட்டர் உள்ளே போய்ப் புரதத்தோடு பிணையும்போது வெப்பம் வெளிவந்தால், புரதக் கலத்துக்குக் கொடுக்க வேண்டிய சக்தி அந்த அளவுக்குக் குறையும். திரையில் தெரியும் ஒவ்வொரு கூர்முனையும் அந்தக் குறைவுதான். அதன் பரப்பு, அந்த ஒரு முறை வெளிவந்த வெப்பம். ஆக, கருவிக்குத் தெரிந்தது வெப்பம் மட்டும்தான். எத்தனை மோல் போட்டோம் என்பது அதற்குத் தெரியாது. நாம் எழுதிக் கொடுப்பதை அப்படியே நம்பிக்கொள்ளும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கலத்தின் கொள்ளளவு 200 மைக்ரோலிட்டர், அதில் புரதம் 20 மைக்ரோமோலார். அதாவது 4 நானோமோல். சிரிஞ்சில் லிகண்ட் 200 மைக்ரோமோலார். ஒவ்வொரு முறையும் 2 மைக்ரோலிட்டர் போனால் 0.4 நானோமோல் லிகண்ட் சேரும். எல்லாம் எழுதியபடி இருந்தால் பத்தாவது முறையில் லிகண்டும் புரதமும் சமமாகும். தொடக்கத்தில் போகிற லிகண்ட் கிட்டத்தட்ட முழுவதும் பிணைந்துவிடும், அதனால் முனைகள் ஒரே உயரமாக இருக்கும். இடங்கள் நிரம்ப நிரம்ப உயரம் குறையும். கடைசியில் லிகண்ட் தண்ணீரில் கரைந்து பரவும் சின்ன வெப்பம் மட்டும் மிஞ்சும்.

ஒவ்வொரு முனையின் பரப்பையும் அந்த முறை சேர்த்த லிகண்ட் மோலால் வகுத்து, லிகண்ட்-புரத விகிதத்துக்கு எதிராகக் குறித்தால் எஸ் வடிவ வளைவு கிடைக்கும். அதில் மூன்று விஷயங்கள் மூன்று இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையிலான உயரம், ஒரு மோல் பிணையும்போது வரும் வெப்பமான ΔH. வளைவு நடுவில் திரும்பும் இடம், கிடை அச்சில், n. அந்தத் திருப்பம் எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பது பிரிகை மாறிலி Kd. முனைகளின் பட்டியலில் முதல் புள்ளியை நாங்கள் எப்போதும் ஒதுக்கிவிடுகிறோம். காத்திருக்கும் நேரத்தில் சிரிஞ்சின் நுனியில் லிகண்ட் கசிந்து நீர்த்துவிடும், அந்தப் புள்ளி பொய் சொல்லும்.

சரி, இப்போது 0.62. மேலே சொன்ன அளவுகளோடு ஒரு மாதிரி வந்தது என்று வையுங்கள். 25 டிகிரி செல்சியஸில் கணக்கு தருவது: ΔH மோலுக்கு −48 கிலோஜூல், Kd 0.40 மைக்ரோமோலார், n 0.62. வளைவு பத்தாவது முறைக்குப் பதில் ஆறாவதை ஒட்டித் திரும்பியிருக்கிறது. எழுதிக் கொடுத்த இரண்டு செறிவுகளில் ஏதோ ஒன்று உண்மையில்லை என்று இதற்குப் பொருள். எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் சாத்தியம்: புரதம். 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து 20 மைக்ரோமோலார் என்று எழுதியிருப்பீர்கள். அந்த அளவை உயிருள்ள புரதத்தையும் மடிப்புக் குலைந்து கெட்டுப்போனதையும் ஒன்றாகவே எண்ணும். பிணையக்கூடிய புரதம் 12.4 மைக்ரோமோலார்தான் என்றால் n சரியாக 0.62 ஆகும். அப்படியானால் ΔH, Kd இரண்டும் அப்படியே நிற்கும். கலத்தில் உள்ள பொருளின் செறிவுப் பிழையை n முழுவதுமாக விழுங்கிக்கொள்கிறது. மற்ற இரண்டையும் தொடுவதில்லை.

இரண்டாவது சாத்தியம்: லிகண்ட். புரதம் உண்மையிலேயே 20, ஆனால் சிரிஞ்சில் இருந்தது 200 இல்லை, 323 மைக்ரோமோலார். நீர்த்தல் கணக்கு தவறியிருக்கலாம், மூலக்கரைசல் ஆவியாகி அடர்ந்திருக்கலாம். இப்போது ஒவ்வொரு முறையும் போனது 0.4 நானோமோல் இல்லை, 0.65. அதே வெப்பத்தை அதிக மோலால் வகுக்க வேண்டும், ஆக ΔH −29.8 ஆகச் சுருங்குகிறது. Kdயும் லிகண்டின் அளவுகோலில்தான் எழுதப்படுகிறது, அதனால் அதுவும் 0.65 மைக்ரோமோலாராகிறது. மூன்று எண்களும் சேர்ந்து நகர்கின்றன.

"Kd 0.40-ஆ 0.65-ஆ, அதில் என்ன பெரிய வித்தியாசம்" என்று தோன்றும். அந்தக் கேள்வி நியாயம்தான். Kdஇல் இருந்து வரும் கட்டிலா ஆற்றல் மாற்றம் ΔG முதல் கணக்கில் −36.5, இரண்டாவதில் −35.3 கிலோஜூல். ஒட்டி ஒட்டித்தான் இருக்கின்றன. ஆனால் ΔG-யிலிருந்து ΔH-ஐக் கழித்து, என்ட்ரோபியின் பங்கான −TΔS எடுக்கும்போது பாருங்கள்: முதல் கணக்கில் +11.5, இரண்டாவதில் −5.5. குறியே மாறிவிட்டது! ஒன்றில் என்ட்ரோபி பிணைப்பை எதிர்க்கிறது, மற்றதில் உதவுகிறது. அந்தக் குறியை நம்பி அடுத்த மூலக்கூறை எப்படி மாற்றுவது என்று முடிவெடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இங்குதான் எங்கள் சறுக்கல். ஒரு வாடிக்கையாளருக்கு n குறைவாக வந்தபோது, யாரையும் கேட்காமல், புரதம்தான் பாதி கெட்டிருக்கும் என்று முடிவு கட்டி, என்ட்ரோபிக்கு ஒரு விளக்கமும் எழுதி அனுப்பிவிட்டோம். பிறகு அவர்கள் தங்கள் லிகண்ட் கரைசலைத் தனியாக அளந்தபோது அது எழுதியதைவிட அடர்த்தியாக இருந்தது. நாங்கள் எழுதிய விளக்கம் தலைகீழ். அன்றிலிருந்து n ஒன்றிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டே அனுப்புகிறோம்.

n-ஐ 1 என்று பூட்டித் தரச் சொல்பவர்களுக்கு இப்போது பதில் புரிந்திருக்கும். செறிவுகளை மாற்றாமல் n-ஐ மட்டும் பூட்டினால் வளைவு புள்ளிகள் மேல் உட்காராது. கணினி அதை ஈடுகட்ட ΔH-ஐயும் Kd-ஐயும் வளைத்துக் குப்பையாக்கும். பூட்ட வேண்டுமென்றால் இரண்டு செறிவுகளில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சிலர் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி சொல்கிறார்கள்: லிகண்டைக் கலத்திலும் புரதத்தைச் சிரிஞ்சிலும் வைத்துத் திருப்பி ஓட்டினால் தெரிந்துவிடாதா? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். தாளில் போட்டுப் பார்த்தால் ஏமாற்றம். புரதம் கெட்டிருந்தாலும் சரி, லிகண்ட் அடர்ந்திருந்தாலும் சரி, திருப்பி ஓட்டும்போது n 1.6, ΔH −29.8 என்றுதான் வரும். இரண்டு செறிவுகளுக்கும் இடையிலான விகிதம் தவறு என்பதை மட்டும் இந்தக் கருவி காட்டும். தவறு எந்தப் பக்கம் என்று சொல்ல வெளியிலிருந்து ஓர் அளவை வேண்டும். இருவேறு பிணைப்பிடங்கள் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் திருப்பி ஓட்டுவதில் பயன் உண்டு, அது வேறு கதை.

வெளி அளவை என்றால், லிகண்டுக்கு ஒளி உறிஞ்சல் நன்றாக இருந்தால் அதைவிட எளிது ஒன்றுமில்லை. இல்லாவிட்டால் அளவறி என்.எம்.ஆர். பெப்டைடு அனுப்புபவர்கள் தராசை மட்டும் நம்ப வேண்டாம். உறைய வைத்து உலர்த்திய பொடியில் தண்ணீரும் டிரைஃபுளூரோ அசிட்டிக் அமில உப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும், எடையில் கணிசமான பங்கு பெப்டைடே இல்லை. எழுதியதில் 70 சதவீதம்தான் பெப்டைடு என்றால் n 1.43 என்று ஒன்றுக்கு மேல் எகிறும், ΔH குறைவாகத் தெரியும். புரதத்துக்கு, செறிவு நன்கு தெரிந்த, மிக இறுக்கமாகப் பிணையும் வேறொரு மூலக்கூறை ஓட்டி எத்தனை இடங்கள் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணலாம்.

அப்படி எண்ணும்போது Kd கிடைக்காது, கவலைப்பட வேண்டாம். கலத்தில் உள்ள பிணைப்பிடங்களின் செறிவை Kd-யால் வகுத்து வரும் எண்ணை c என்கிறோம்: c = n[M]/Kd. அது 10-க்கும் 100-க்கும் இடையில் இருந்தால் மூன்றும் நன்றாகத் தெரியும். நம் உதாரணத்தில் 31. Kd ஒரு நானோமோலார் என்றால் c ஆயிரக்கணக்கில் போய், வளைவு படிக்கட்டு போல் ஒரே இடத்தில் செங்குத்தாக விழும். n-உம் ΔH-உம் அருமையாக வரும், சரிவில் Kd-க்கான தகவல் இருக்காது. c ஒன்றுக்குக் கீழே போனால் நேர்மாறு: வளைவு ஒரு தொங்கலான கோடாகும், n-ஐப் படிக்கவே முடியாது. அந்த நிலையில் மட்டும்தான் n-ஐ வெளியிலிருந்து கொண்டுவந்து பூட்டுகிறோம், பூட்டினோம் என்று அறிக்கையில் எழுதவும் செய்கிறோம். அங்கே ΔH எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி மாதிரி அனுப்பும்போது படிவத்தில் இரண்டு கட்டங்கள் கூடுதலாக இருக்கும்: லிகண்டின் செறிவை எப்படி அளந்தீர்கள், புரதத்தின் செறிவை எப்படி அளந்தீர்கள். "எடை போட்டோம்" என்று எழுதினாலும் தவறில்லை, வெறுமையாக விடாதீர்கள். அப்புறம், புரதத்தை டயாலிசிஸ் செய்த கடைசிப் பஃபரில் ஐம்பது மில்லிலிட்டர் தனியாக அனுப்புங்கள். லிகண்டை அதில்தான் கரைப்போம். டி.எம்.எஸ்.ஓ. இருந்தால் எத்தனை சதவீதம் என்று குறிப்பிடுங்கள். கலத்திலும் சிரிஞ்சிலும் அது ஒரு சதவீதம் வேறுபட்டாலே, வளைவின் வால் பூஜ்யத்துக்கு வராமல் பெரிய பெரிய முனைகளாகவே நின்றுவிடும், உங்கள் பிணைப்பு அதற்குள் மூழ்கிப்போகும்.

அன்புடன்,
அளவைக்கூடத்தார்