ஒன்று என்றால் முதலிடமா, கடைசி இடமா?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் நம் பள்ளியில் நடந்த கைபேசிப் பாதுகாப்புப் பயிற்சிக்கு 46 பேர் வந்திருந்தீர்கள். அவர்களில் 41 பேர் கருத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தீர்கள். அதை என்ன செய்தீர்கள் என்று சிலர் வாசலிலேயே கேட்டதால் இந்தக் கடிதம்.

ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டிருந்தோம். "பயிற்சி புரியும்படி இருந்ததா?" என்ற முதல் கேள்வியை இருவர் நிரப்பவில்லை. நிரப்பாததைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டால் சராசரி காரணமில்லாமல் இறங்கிவிடும். ஆகவே பதில் சொன்ன 39 பேரை மட்டும் கணக்கில் கொண்டோம். 18 பேர் ஐந்து, 12 பேர் நான்கு, 4 பேர் மூன்று, 5 பேர் ஒன்று. கூட்டுத்தொகை 155, சராசரி 4.0.

அந்த ஐந்து 'ஒன்று'கள்தான் உறுத்தின. எடுத்துப் பார்த்தால் ஐந்து படிவங்களிலும் எல்லாக் கேள்விகளுக்கும் 1-தான் வட்டமிடப்பட்டிருந்தது. அவற்றில் ஒன்று, பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியது என்று கையெழுத்தே காட்டிக்கொடுத்தது. கீழே, "சார் ரொம்ப நல்லா சொன்னார், மறுபடியும் கூப்பிடுங்கள்" என்று இருந்தது. தேர்வில் முதல் ரேங்க் என்றால் 1 என்றுதானே ஆண்டாண்டாய் நாங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? எது உயர்ந்தது என்று படிவத்தில் எழுதாதது எங்கள் தவறு.

அதற்காக நாங்களாகவே 1-ஐ 5 ஆக்கிவிட முடியாது. பெயர் எழுதியிருந்த மூவரிடம் கேட்டோம். மூவரும் "மிக நன்று என்றுதான் போட்டோம்" என்றார்கள். அவற்றை மட்டும் திருத்தினோம். பெயரில்லாத இரண்டையும் மதிப்பெண் கணக்கிலிருந்து ஒதுக்கினோம். இப்போது 37 பேர், கூட்டுத்தொகை 165, சராசரி 4.5. பயிற்றுநருக்கு அனுப்பிய தாளில் 4.0, 4.5 இரண்டையும் காரணத்தோடு எழுதியிருக்கிறோம்.

"செய்து பார்க்க நேரம் போதுமானதா?" என்ற கேள்விக்கும் அதே திருத்தத்துக்குப் பின் 37 பேருடைய பதில் கிடைத்தது, சராசரி 3.1. சுமார் என்று தாண்டிப் போயிருப்போம். ஆனால் 14 பேர் ஐந்தும் 12 பேர் ஒன்றும் போட்டிருக்கிறார்கள். மூன்று போட்டவர்கள் இரண்டே பேர். இந்த 12 பேர் மற்ற கேள்விகளுக்கு நான்கும் ஐந்தும் கொடுத்தவர்கள். ஆகவே இந்த 'ஒன்று' உண்மையான குறைதான். "நான் விரல் வைப்பதற்குள் அடுத்த திரைக்குப் போய்விட்டார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கைபேசி பழகியவர்களும் பழகாதவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். சராசரி இதைச் சொல்லவில்லை. எத்தனை பேர் எந்த எண் என்று எழுதிப் பார்த்த பிறகே தெரிந்தது.

எழுத்தில் வந்த கருத்துகளை முழுவதும் ஒருமுறை படித்துவிட்டு, அதன் பிறகே தலைப்புப் பிரித்தோம். ஒரே ஆள் ஒரே குறையை மூன்று வரியில் எழுதினாலும் ஒரு கணக்குதான். மெதுவாகச் செய்து காட்டும்படி 14 பேர் கேட்டிருக்கிறீர்கள். வேலை நாளில் வேண்டாம் என்று 9 பேர், திரையில் எழுத்து சிறிது என்று 6 பேர். வேலை நாளில் வைத்தது பள்ளியின் முடிவு. மின்விசிறி இரைச்சலும் எங்கள் பொறுப்பு. அவற்றைப் பயிற்றுநர் தலையில் கட்டவில்லை.

பயிற்றுநர் திருத்த வேண்டியவற்றில் முதலில் எழுதியது, ஒரே ஒரு தாய் குறிப்பிட்டது. கொடுத்த துண்டுத்தாளில் இரண்டு உதவி எண்கள் இடம் மாறி அச்சாகியிருந்தன. மற்ற 40 பேரும் கவனிக்கவில்லை, நானும்தான். எத்தனை பேர் சொன்னார்கள் என்று மட்டும் பார்த்திருந்தால் இது பட்டியலிலேயே ஏறியிருக்காது. அடுத்து, பழகாதவர்களுக்குத் தனிக் குழு, ஒவ்வொரு படியிலும் எல்லாரும் முடிக்கும்வரை காத்திருத்தல், திரையில் பெரிய எழுத்து. பயிற்றுநர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மறுபயிற்சி ஒரு சனிக்கிழமையில் நடக்கும். தேதியைக் குழந்தைகளிடம் எழுதி அனுப்புகிறோம். அன்றைய படிவத்தில் எண்ணே இருக்காது. "மிக நன்று" முதல் "சரியில்லை" வரை சொற்கள்தான்.

அதுவரை, வீட்டில் இருக்கும் துண்டுத்தாளைப் பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்: இணையப் பணமோசடிக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்