கவுகாத்திக்குப் போகவில்லையென்றால்

குன்னூர்
அக்டோபர் 12

அன்புள்ள கயல்,

சித்தி நேற்று போன் பண்ணினாள். பேச்சோடு பேச்சாக, டிசம்பர் கருத்தரங்குக்கு நீ போவது சந்தேகம் என்றும், அதை இன்னும் அங்கே யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆகஸ்டுக்குப் பிறகு, நீயாகச் சொல்லாத எதையும் கேட்பதில்லை என்று அப்பாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். ஆனால் கருத்தரங்கைப் பற்றி நான் பேசலாம். கல்லூரியில் இருந்தவரை எங்கள் துறையின் கருத்தரங்குகளுக்கெல்லாம் நிகழ்ச்சி நிரல் போட்டது உன் அம்மாதான்.

போக முடியாதென்றால் இந்த வாரமே எழுதிவிடு. இன்னும் ஏழு வாரத்துக்கு மேல் இருக்கிறது. விலகுவது தப்பே இல்லை. எப்போது விலகுகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உன் இடத்துக்கு யார் வர முடியும் என்று யோசித்துப் பார். ஏழு வாரம் முன்னால் சொன்னால், காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம். கேரளத்திலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவர் வருவதானாலும் டிக்கெட் எடுக்க நேரம் இருக்கும். முன்பு ரயிலில் 120 நாளுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாக்கிவிட்டார்கள். டிசம்பர் முதல் வாரத்துக்கு முன்பதிவு திறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மூன்று வாரம் முன்னால் சொன்னால் புதிதாக ஒருவரைப் பயணம் பண்ண வைக்க முடியாது. ஏற்கெனவே போஸ்டருக்குப் பதிவு செய்து, எப்படியும் வரப்போகிறவர்களில் ஒருவரைத்தான் மேடைக்குத் தூக்க முடியும். அது நல்ல வழிதான், ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஸ்லைடு தயாரிக்கவும் ஒத்திகை பார்க்கவும் அவகாசம் வேண்டும். அதற்குள் கட்டுரைச் சுருக்கங்களின் தொகுப்பும் அச்சுக்குப் போயிருக்கும். முந்தின நாள் இரவு சொன்னால் யாரும் இல்லை, வெறும் இடம்தான்.

அந்த வெறும் இடத்தைப் பார்வையாளர்கள் சாதாரணமாக நினைப்பார்கள். ‘அடுத்தவரை முன்னால் பேச வைத்தால் போச்சு’ என்பார்கள். அப்படிச் செய்யக்கூடாது. ஒரே நேரத்தில் மூன்று அரங்கில் அமர்வு நடக்கும்போது, ஒருவர் 11.40 பேச்சை இங்கே கேட்டுவிட்டு 12 மணிப் பேச்சுக்கு அடுத்த அரங்குக்கு ஓடுவார். நேரத்தை நகர்த்தினால் 12 மணிக்கு வருகிறவர் தான் கேட்க வந்த பேச்சு முடிந்துபோயிருப்பதைப் பார்ப்பார். அதனால் அமர்வுத் தலைவர் அந்த இருபது நிமிடத்தை எப்படியாவது கேள்வி பதிலில் ஓட்டவேண்டும், அல்லது எல்லோரையும் சும்மா உட்கார வைக்கவேண்டும். நான் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன், கயல்.

ஒரு வருஷம் எங்கள் கருத்தரங்கில் இரண்டு பேர் வரவில்லை. ஒருவர் ஐந்து வாரம் முன்பே எழுதிவிட்டார், மூன்றே வரி. போஸ்டர் பட்டியலில் இருந்த கூடலூர்ப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டோம். அவள் பேச்சுதான் அந்த அமர்விலேயே நன்றாக இருந்தது. இன்னொருவர், ‘வர முயற்சி செய்கிறேன், சூழ்நிலை அப்படி’ என்று இரண்டு முறை எழுதினார். அவருடைய இடத்தை என்னால் யாருக்கும் கொடுக்க முடியவில்லை. கொடுத்தபின் அவர் வந்து நின்றால் என்ன செய்வது? கடைசியில் அவர் வரவே இல்லை. விலகியவர் மேல் யாருக்கும் வருத்தம் இல்லை. முயற்சி செய்கிறேன் என்றவரைத்தான் அப்புறம் யாரும் அழைக்கவில்லை. அதனால் ‘சந்தேகம்’, ‘பார்க்கலாம்’ என்ற வார்த்தை எதுவும் உன் மெயிலில் வரக்கூடாது. உனக்குத் தெரியும்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

எழுதுவதற்கு முன், கட்டுரையில் உன்னோடு பெயர் போட்டிருக்கிற மற்ற மூன்று பேரிடம் பேசு. அவர்களில் ஒருவர் உனக்குப் பதில் பேசத் தயாராக இருக்கலாம். அப்படியானால் நீ கேட்கவேண்டியது விலகல் இல்லை, பேசுகிறவரை மாற்ற அனுமதி. இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதினால் அவர்கள் கட்டுரையையே எடுத்துவிடுவார்கள். சில இடங்களில் பேசாத கட்டுரையைப் பதிப்பிலிருந்து நீக்கும் உரிமையை அமைப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். ஐ.இ.இ.இ. என்கிற பொறியியலாளர் சங்கத்தின் கருத்தரங்குகளில் அது எழுதப்பட்ட விதி. உங்கள் கருத்தரங்கின் விதியைத் தேடிப் படி. யாரும் வரமுடியாது என்றால்தான் விலகு.

மெயிலின் தலைப்பிலேயே கட்டுரை எண், அமர்வு, நாள், நேரம் எல்லாம் இருக்கட்டும். உள்ளே இவ்வளவு போதும். தமிழில் சொல்கிறேன், நீ இங்கிலீஷில் மாற்றிக்கொள். ‘என்னால் வர முடியவில்லை. இந்தப் பேச்சை விலக்கிக்கொள்கிறேன், இந்த இடத்தை இப்போதே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். என் சக ஆசிரியர்களுக்கும் இது தெரியும். எனக்குக் கொடுத்த பயண உதவியையும் திருப்பித் தருகிறேன், வேறு யாருக்காவது கொடுங்கள்.’ காரணம் எழுதவேண்டாம். சொந்தக் காரணம் என்று ஒரு வார்த்தை போட்டால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். மாப்பிள்ளையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ அந்நியர்களிடம் ஒரு வரியும் வேண்டாம். உன் இடத்துக்கு யார் வரலாம் என்று ஒரு பெயர் தோன்றினால் சொல். ஆனால் தேர்வு அவர்களுடையது, நீயாக யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே.

பொது முகவரிக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதே. அது யாரும் திறக்காத பெட்டியாகக்கூட இருக்கும். நிகழ்ச்சிக் குழுத் தலைவருக்கும் உன் அமர்வை நடத்துகிறவருக்கும் சேர்த்து அனுப்பு. கட்டுரை ஏற்றிய தளத்தில் விலகல் பொத்தான் இருந்தால் அதையும் அழுத்து, ஆனால் அதை மட்டும் நம்பாதே. இரண்டு மூன்று நாளில் பதில் வராவிட்டால் போன் பண்ணு. நிகழ்ச்சி நிரலிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார்களா என்று பிறகு பார். பெயர் இருந்தால் இன்னும் இடம் காலியாகவில்லை என்று அர்த்தம். பதிவுக் கட்டணம் திரும்ப வருமா என்று காத்திருக்கவேண்டாம், போனால் போகட்டும்.

உன் பேச்சை மேடைக்கு எடுத்தது என்று மெயில் வந்த அன்று, அப்பா அதைப் பிரிண்ட் எடுத்து பெட்போர்டு கடை வரைக்கும் காட்டினார். சீகை மரம் வெட்டிய இடத்தில் புல் திரும்புகிறதா என்று ஒருத்தி அத்தனை மழையிலும் அளந்திருக்கிறாள் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. எனக்கும்தான். அதை இந்த டிசம்பரில் சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் சொல்லலாம். நீ செய்த வேலை எங்கும் போய்விடாது. ஆனால் எங்களிடம் சொல்லாமல் சித்தியிடம் சொன்னாயே, அதுதான் மனதில் உறுத்துகிறது. சரி, விடு.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பர்லியார் பக்கம் மண் சரிவு என்று ராத்திரி பஸ் போகவில்லை. தம்பி வேலை மாறுகிறானாம், அவனே எழுதுவான்.

டிசம்பர் முதல் வாரம் உனக்கு லீவு ஏற்கெனவே எழுதியிருக்கும். அதை ரத்து பண்ணாதே. மேட்டுப்பாளையத்துக்கு வந்துவிடு, அப்பா காரோடு கீழே வருவார். மாப்பிள்ளை வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி. இரண்டு அறையும் சுத்தம் பண்ணி வைக்கிறேன்.

மெயிலை அனுப்பியதும் நகலை எனக்கும் அனுப்பு. எப்படி எழுதியிருக்கிறாய் என்று பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அம்மா