தூக்குக்காவடிக் காணொளி பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் சிவலிங்கம்,

நலம். உமது நலத்தையும் வீட்டாரின் நலத்தையும் அறிய ஆவல். நீர் மகனிடம் கொடுத்தனுப்பிய பென் டிரைவ் கிடைத்தது. உங்கள் அம்மன் கோயில் திருவிழாவின் ஐம்பத்திரண்டு நிமிடக் காணொளியை இரண்டு தடவை முழுமையாகப் பார்த்தேன். போன வருடம் ஏற்றிய காணொளிக்கு வயதுக் கட்டுப்பாடு விழுந்ததால் சூரிச்சில் இருக்கும் உமது தமக்கையார் அதைத் தொலைக்காட்சியில் திறக்க முடியாமல் அழுதார் என்று எழுதியிருந்தீர். எங்கள் நேர்த்திக்கடனை வன்முறை என்று சொல்ல இவர்கள் யார் என்றும் கேட்டிருந்தீர். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. என்றாலும், முப்பது வருடம் கோயில்களிலும் கலியாண வீடுகளிலும் வீடியோ எடுத்தவன் என்ற முறையில், இந்த விதிகளை வாசித்து எனக்கு விளங்கியதை உமக்கு விரிவாக எழுதுகிறேன். நீங்கள் இந்த வருடம் ஏற்றப்போவது யூடியூப்பில் என்பதால் அதன் விதிகளையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த விதிகளில் காவடிக்கோ தீமிதிப்புக்கோ எதிராகத் தனி விதி எதுவும் இல்லை. இரத்தமும் காயமும் காட்டும் காட்சிகளுக்கு ஒரு விதி, பார்க்கும் பிள்ளைகள் எளிதில் செய்து பார்க்கக்கூடிய ஆபத்தான செயல்களுக்கு ஒரு விதி, பிள்ளைகளே ஆபத்தில் ஈடுபடும் காட்சிகளுக்கு ஒரு விதி என்று பொதுவாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நமது காட்சிகள் இவற்றுக்குள் போய் விழுகின்றன. இந்தச் சோதனையில் பெரும்பகுதியை இயந்திரமே முதலில் செய்கிறது. முதுகில் கொளுவப்பட்ட செடிலைக் காணும் அந்த இயந்திரத்துக்கு அது அம்மனுக்கு வைத்த நேர்த்தி என்று தெரியாது. தோலுக்குள் இரும்பு போவது மட்டுமே தெரியும்.

அதனால்தான் அவர்கள் ஒரு விலக்கும் வைத்திருக்கிறார்கள். கல்வி, ஆவணம், அறிவியல், கலை ஆகிய நான்கு நோக்கங்களில் ஒன்று காணொளிக்கு இருந்தால், வேறு நிலையில் நீக்கப்படக்கூடிய காட்சியையும் விட்டுவைக்கலாம் என்பதே அது. பலர் இதைக் கேள்விப்பட்டு, கீழே விளக்கக் குறிப்பில் 'இது சமய நிகழ்வு' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அது போதாது. சில வகைக் காட்சிகளுக்கு அந்த விளக்கம் காணொளியின் படத்திலோ ஒலியிலோ இருக்க வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். தலைப்பிலும் குறிப்பிலும் இருப்பது மட்டும் ஏற்கப்படாமல் போகலாம். உமது காணொளியில் நான் கண்ட பெரிய குறை இதுதான்.

பதினெட்டாவது நிமிடத்திலிருந்து இருபத்திரண்டாவது நிமிடம் வரைக்கும் போட்டுப் பாரும். செடில் குத்துபவர் தூக்குக்காவடி எடுக்கும் பொடியனின் முதுகில் திருநீற்றைத் தேய்க்கிறார். இரண்டு விரலால் தோலைக் கிள்ளித் தூக்குகிறார். செடில் உள்ளே போகிறது. உங்கள் வீடியோக்காரர் நான்கு நிமிடமும் கமராவை அந்த ஒரு கையகல இடத்திலேயே வைத்திருக்கிறார். பொடியனின் முகம் ஒரு தடவைகூட வரவில்லை. யார் இவர், எதற்காக இதைச் செய்கிறார் என்று சொல்ல ஒரு குரலும் இல்லை. பறைச் சத்தம் மட்டும் ஒலிவாங்கியை அடைத்துக்கொண்டு கேட்கிறது. மூன்றாவது செடிலின்போது ஒரு துளி இரத்தம் தெரிகிறது, அதையும் கிட்ட இழுத்து எடுத்திருக்கிறார். ஊர் தெரியாத ஒருவர் இந்த நான்கு நிமிடத்தை மட்டும் பார்த்தால், ஒரு மனிதனைக் குத்துகிறார்கள் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் விளங்காது. பார்ப்பவரை அதிரவைப்பதற்காக இரத்தத்தைக் காட்டுவது விதிக்கு எதிரானது. உங்கள் நோக்கம் அதுவல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நோக்கத்தைக் காட்ட அந்த நான்கு நிமிடத்துக்குள் எதுவும் இல்லை.

அதே பொடியன் முப்பத்தோராவது நிமிடத்தில் உழவு இயந்திரத்தில் கட்டிய துலாவில் தொங்கிக்கொண்டு வருகிறார். சனம் 'அரோகரா' என்கிறது, ஒரு தாய் தன் கைக்குழந்தையை அவரிடம் நீட்ட அவர் திருநீறு பூசிவிடுகிறார். செடில்கள் அங்கேயும் தெரிகின்றன, ஆனால் தூரத்தில், முழு மனிதனோடும் முழு வீதியோடும் சேர்ந்து தெரிகின்றன. இது என்ன நிகழ்வு என்பதை அந்தக் காட்சியே சொல்லிவிடுகிறது. என் கணிப்பில் உங்கள் காணொளியின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இதை நீட்டி, குத்தும் பகுதியைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த சில விநாடிகளாகக் குறைக்கச் சொல்லும். அந்தப் பொடியனையே இருத்தி, என்ன நேர்த்தி, எத்தனை நாள் விரதம் என்று இரண்டு நிமிடம் பேசவைத்து, அந்தக் குரலை குத்தும் காட்சியின் மேலேயே போடும். கீழே ஆங்கிலத்திலும் எழுத்து ஓடட்டும், ஏனென்றால் சோதிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று நாங்கள் நம்பியிருக்க முடியாது.

முகப்புப் படத்தையும் மாற்ற வேண்டும். இப்போது இருப்பது செடில் ஏறிய முதுகு, மேலே சிவப்பு எழுத்தில் 'உடல் சிலிர்க்கும் காட்சி'. முகப்புப் படத்துக்கும் இந்த விதிகள் பொருந்தும். காணொளிக்குள் எவ்வளவு விளக்கம் இருந்தாலும், அந்தப் படத்துக்காகவே நடவடிக்கை வரலாம். தலைப்பில் கோயிலின் பெயர், திருவிழாவின் பெயர், ஆண்டு ஆகியவை இருந்தால் போதும்.

தீமிதிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெரியவர்கள் தணலில் நடப்பது அதனளவில் தடை செய்யப்பட்டதல்ல. ஆனால் பிள்ளைகள் பார்த்துச் செய்யக்கூடியது என்று கருதினால் வயதுக் கட்டுப்பாடு போடலாம். குழி வெட்டுவது, விறகு அடுக்குவது, பூசகர் முதலில் இறங்குவது எல்லாம் உங்கள் காணொளியில் வரிசையாக இருப்பதால் அந்தப் பகுதி நன்றாகவே அமைந்திருக்கிறது.

இரண்டு காட்சிகளை மட்டும் எடுத்துவிடும்படி உம்மை வேண்டிக் கேட்கிறேன். நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் ஒரு தகப்பன் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு தணலில் நடக்கிறார். அதற்குப் பிறகு ஒரு பத்து வயதுப் பொடியனுக்குக் கன்னத்தில் அலகு குத்துகிறார்கள். பிள்ளைகள் ஆபத்தில் இருக்கும் காட்சியை எந்த விளக்கத்தாலும் காப்பாற்ற முடியும் என்று நம்பி இறங்க வேண்டாம். விதிகளில் மிக இறுக்கமான பகுதி அதுதான். விதி ஒரு புறம் இருக்கட்டும், அந்தப் பொடியன் தன் முகம் உலகம் முழுக்கப் போவதற்குச் சம்மதிக்கும் வயதில் இல்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. குடும்பத்தவர்கள் கேட்டால், பட்டியலில் காட்டாமல் இணைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் ஏற்றித் தரலாம் என்று உங்கள் பொடியன்கள் சொல்வார்கள். அதுவும் பாதுகாப்பல்ல. மறைத்து வைத்த காணொளிக்கும் தனிப்பட்ட காணொளிக்கும் இதே விதிகள்தான். அவர்களுக்குப் பென் டிரைவிலேயே கொடுத்துவிடும்.

உருவந்து ஆடும் பெண்களின் காட்சியைப் பற்றியும் கேட்டிருந்தீர். ஆடுவதற்குத் தடை இல்லை. ஆனால் கலை வந்தவர் தன்னை மறந்து நிற்கிறார். தலைமுடி அவிழ்ந்து, சேலை விலகி, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கும் நிலையில் கமரா அவரது முகத்துக்கு நேரே போயிருக்கிறது. பிறகு அவர் அதைப் பார்த்துத் தனியுரிமை முறைப்பாடு செய்தால், யூடியூப் பொதுவாக உங்களுக்கு 48 மணித்தியாலம் தந்து திருத்தவோ நீக்கவோ சொல்லும். அது வரும்வரைக்கும் இருக்காமல் இப்போதே அவரிடம் போய்க் கேட்பது நல்லது. விருப்பமில்லை என்றால் முகத்தை மங்கலாக்கலாம். அந்த வசதி ஏற்றும் இடத்திலேயே இருக்கிறது. உடுக்குச் சத்தத்தோடு கூட்டம் முழுவதும் அசைவதை மேடையிலிருந்து எடுத்த காட்சி போதுமான அளவு உணர்ச்சி தருகிறது என்பது என் எண்ணம்.

இனி உமது தமக்கையாரின் விஷயத்துக்கு வருகிறேன். வயதுக் கட்டுப்பாடு தண்டனை அல்ல; அதனால் உங்கள் சானலுக்குக் கறுப்புப் புள்ளி எதுவும் விழுவதில்லை. ஆனால் கணக்குக்குள் நுழையாதவரும் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரும் அதைப் பார்க்க முடியாது, வேறு இணையத்தளங்களில் பதித்தாலும் பெரும்பாலும் அங்கே ஓடாது. தமக்கையாரின் தொலைக்காட்சியில் யாரும் கணக்குத் திறந்து வைத்திருக்க மாட்டார்கள். கோயில் இணையத்தளத்தில் வெறும் கறுப்புப் பெட்டி தெரிவதும் இதே காரணத்தால் இருக்கலாம். நீக்கப்படுவதுதான் வேறு கதை. முதல் தடவை எச்சரிக்கை. அதன்பின் முதலாவது கறுப்புப் புள்ளி விழுந்தால் ஒரு கிழமையும், அதிலிருந்து 90 நாட்களுக்குள் இரண்டாவது விழுந்தால் இரண்டு கிழமையும் எதையும் ஏற்ற முடியாது, அதே 90 நாட்களுக்குள் மூன்றாவதும் விழுந்தால் சானலே போய்விடும். முறையீடு செய்யலாம். ஆனால் பயத்தில் காணொளியை நீங்களே அழித்தால் விழுந்த கறுப்புப் புள்ளி அழியாது என்பதைப் பொடியன்களுக்குச் சொல்லி வையும்.

ஆகவே இரண்டு காணொளியாக வெட்டச் சொல்லும். ஒன்று அரை மணித்தியாலத்துக்குள்: தேர், தீமிதிப்பு, காவடி வீதியில் வருவது, நேர்த்தி வைத்தவரின் பேச்சு. தமக்கையாருக்கும் இணையத்தளத்துக்கும் அது. மற்றது செடில் குத்துவது உட்பட முழுமையான ஆவணம். அதற்கு ஏற்றும்போதே பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று நீங்களே தெரிவுசெய்துவிடலாம், அந்தத் தெரிவு அமைப்பில் இருக்கிறது. இதனால் முழுமையான காணொளியில் எதையும் காட்டலாம் என்று ஆகாது. பிள்ளைகளின் காட்சி அதிலும் வரக் கூடாது. நேரலையில் வெட்டவோ குரல் சேர்க்கவோ முடியாது என்பதால், அடுத்த வருடம் தேரை மட்டும் நேரலையில் விட்டு, செடில் குத்தும் இடத்துக்குப் பதிவுக் கமராவை அனுப்பும்.

தூக்குக்காவடி எடுத்த பொடியன் இன்னும் ஊரில் நிற்கிறாரா? நின்றால் வெள்ளிக்கிழமை நான் பஸ்ஸில் வருகிறேன். கோயில் கேணிப் பக்கம், சத்தம் இல்லாத நேரத்தில், அவரது குரலை என் ஒலிவாங்கியிலேயே பதிவுசெய்வோம். உமது தமக்கையாரிடம் அவரது தொலைக்காட்சி என்ன வகை என்று மட்டும் கேட்டு வையும்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்,
குலசிங்கம்