எழுபது இடங்களுக்குள் பதில் சொல்லுங்கள்: சாட்பாட் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பட்டன் போன்களுக்கும் சிக்னல் குறைந்த இடங்களுக்கும் சாட்பாட் அமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். குறுஞ்செய்தி வழியாக மக்களுக்குப் பதில் அனுப்பும் ஒரு சேவையில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் நான். அங்கே நாங்கள் செய்த தவறுகளை நீங்களும் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட் இடம் உண்டு. ரோமன் எழுத்தில் எழுதினால் அதில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் எழுதினால் ஒவ்வொரு குறியும் 2 பைட் எடுத்துக்கொள்ளும்; அதனால் 70தான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘வணக்கம்’ என்ற சொல் நம் கண்ணுக்கு 5 எழுத்து. போனுக்கோ 7 இடம், ஏனென்றால் புள்ளி தனிக் குறி. துணைக்கால், கொம்பு, சுழி எல்லாமே அப்படித்தான். 70 இடத்தைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் போகும். துண்டுகளைச் சேர்க்கும் தலைப்புத் தகவலுக்கு 6 பைட் போய்விடுவதால், ஒரு துண்டில் 67 இடம்தான் மிஞ்சும்.

இப்போது எங்கள் பாட் அனுப்பிய பதில்களைப் போன்ற ஒன்றைப் பாருங்கள். குழந்தையின் அடுத்த தடுப்பூசி எப்போது என்று ஒரு தாய் கேட்கிறார்:

“வணக்கம்! உங்கள் கேள்விக்கு நன்றி. உங்கள் குழந்தையின் அடுத்த தடுப்பூசி நாள் 14-ம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை 9 மணி முதல் 12 மணி வரை வரலாம். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.”

படிக்க மரியாதையாக இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 186 இடம், அதாவது 3 துண்டு. முதல் துண்டு எங்கே முடிகிறது தெரியுமா? “அடுத்த தடுப்பூ” என்ற இடத்தில். தேதி இரண்டாவது துண்டில்தான் வருகிறது. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் துண்டுகள் வரிசை மாறி வரும், ஒன்று வராமலும் போகும். சில போன்கள் எல்லாத் துண்டும் சேரும்வரை எதையுமே காட்டாது. சில போன்கள் வந்ததை மட்டும் காட்டும். அந்தத் தாய்க்குக் கிடைப்பது வணக்கமும் நன்றியும்தான்.

இதே பதிலை இப்படி அனுப்பலாம்:

“தடுப்பூசி: 14-ம் தேதி செவ்வாய் காலை 9-12. அட்டை கொண்டு வரவும்.”

62 இடம். ஒரே செய்தி. வந்தால் முழுதாக வரும், வராவிட்டால் வரவில்லை என்று தெரியும். பாதி வந்து குழப்புவது இல்லை. வணக்கம் சொல்லாதது மரியாதைக் குறைவு என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் கேட்டவருக்குத் தேதி போய்ச் சேருவதுதான் பெரிய மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

மொழி மாதிரியிடம் “சுருக்கமாக எழுது” என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அது இடங்களை எண்ணாது. அனுப்பும் முன் நிரல் எண்ண வேண்டும்:

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
n = len(s.encode("utf-16-be")) // 2
parts = 1 if n <= 70 else -(-n // 67)
```

இரண்டாவது வரி எதற்கென்றால், ‘கொ’வின் ஒகரக் குறி சில விசைப்பலகைகளில் ஒரே குறியாகவும் சிலவற்றில் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் பதிவாகும்; இந்த வரி அதை ஒன்றாக்கிவிடும். உள்ளே வரும் செய்திக்கும் இதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்களை உங்கள் பாட் வேறு வேறு என்று நினைக்கும். `parts` 1-ஐத் தாண்டினால் வாலை வெட்டி அனுப்பாதீர்கள். தேதி, நேரம், இடம் போன்றவற்றை மட்டும் எடுத்து, முன்பே அளந்து வைத்த ஒரு வார்ப்பில் போட்டு அனுப்புங்கள்.

அந்த வார்ப்புகளில் ‘இன்று’, ‘நாளை’ என்ற சொற்கள் வரவே கூடாது. போன் அணைந்திருந்தால் செய்தி, மொபைல் நிறுவனத்தின் செய்தி மையத்தில் காத்திருந்து, மறுநாள் போய்ச் சேரலாம். “நாளை காலை வாருங்கள்” என்பது ஒரு நாள் தாமதமானால் பொய்யாகிவிடும். தேதியும் கிழமையும் எப்போது வந்தாலும் உண்மைதான். செய்தி எவ்வளவு நேரம் மையத்தில் உயிரோடு இருக்கலாம் என்றும் அனுப்பும்போதே குறிப்பிட முடியும். நினைவூட்டல் என்றால் அந்த நேரம் முடிந்ததும் அது செத்துப்போவது நல்லது.

அடுத்தது எங்களை உண்மையாகவே பயமுறுத்திய விஷயம். எங்கள் முதல் பட்டியலில் 1 தேதி, 2 இடம். ‘இடம்’ கேட்டால் பதிலோடு அடுத்த பட்டியல் போகும். அதில் 1 தேதி மாற்று, 2 ரத்து செய். ஒருவர் 2 அனுப்புகிறார். பதில் வரவில்லை. சிக்னல் இல்லாததால் வரவில்லை என்பது அவருக்குத் தெரியாது, எனவே மறுபடியும் 2 அனுப்புகிறார். சிக்னல் திரும்பியதும் இரண்டும் எங்களை அடைகின்றன. முதல் ‘2’, இடத்தைக் கேட்டது. இரண்டாவது ‘2’, பதிவை ரத்து செய்துவிட்டது. அவர் அந்த இரண்டாவது பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை.

நேர முத்திரையை வைத்துப் பிடித்துவிடலாம் என்று முதலில் நினைத்தோம். முடியவில்லை. குறுஞ்செய்தியில் இருக்கும் நேரம், அது செய்தி மையத்துக்கு வந்த நேரம். பயனர் பொத்தானை அழுத்திய நேரம் செய்தியில் இல்லவே இல்லை. அப்புறம் செய்தது மிக எளியது: எந்த எண்ணும் இரண்டு பட்டியல்களில் வரக் கூடாது என்று வைத்தோம். முதல் பட்டியலில் 11, 12. அடுத்ததில் 21, 22. எப்போது 12 வந்தாலும் அது ‘இடம்’தான், இரண்டு முறை வந்தால் அதே பதில் இரண்டு முறை போகும், அவ்வளவுதான். ரத்து செய்ய மட்டும் எண்ணே கிடையாது, சொல்லாக எழுதி அனுப்ப வேண்டும். பட்டன் போனில் ஒரு சொல் எழுதுவது சிரமம்தான். ரத்து செய்வது கொஞ்சம் சிரமமாக இருக்கட்டும் என்றே விட்டோம்.

தமிழே தெரியாத போன்களும் உண்டு. அவற்றில் வெறும் கட்டங்கள்தான் வரும். நாம் அனுப்பியது கட்டமாகத் தெரிந்தது என்று போன் நமக்குச் சொல்லாது. எனவே முதல் செய்தியில் ஒரு தமிழ்ச் சொல்லும், அதன் கீழே ரோமன் எழுத்தில் அது தெரிகிறதா என்ற கேள்வியும் இருக்கட்டும். வரும் பதிலை அந்த எண்ணோடு சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்காதீர்கள்.

உங்களில் சிலர் குறுஞ்செய்தியை விட்டு, குறைந்த டேட்டாவில் ஓடும் சிறு செயலி செய்கிறீர்கள் என்று அறிகிறேன். சரி, அங்கேயும் மேலே உள்ள 62 இட பதில் யூடிஎஃப்-8இல் வெறும் 150 பைட். பாதுகாப்பான இணைப்பைப் புதிதாகத் தொடங்கும் பேச்சுக்கே சில ஆயிரம் பைட் ஆகிறது. ஆக, டேட்டா செலவாவது பதிலில் இல்லை, அறுந்து அறுந்து மறுபடி இணைவதில். சொல் சொல்லாகப் பதிலை ஓடவிடும் அழகை இங்கே விட்டுவிடுங்கள். முழுப் பதிலையும் ஒரே தடவையில் அனுப்புங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் போனிலேயே ஓர் அடையாள எண் இட்டுவிட்டால், இணைப்பு அறுந்து அதே கேள்வி மறுபடி வரும்போது பாட் அதைப் புதிதாக எண்ணாது.

வெளியிடும் முன் ஒரு பட்டன் போனை வாங்கி, அதில் உங்கள் பாட்டிடம் 2 அனுப்புங்கள். உடனே போனை அணைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து மறுபடி 2 அனுப்புங்கள். என்ன பதில் வருகிறது என்று பாருங்கள்.

இப்படிக்கு,
குறுஞ்செய்திச் சேவையில் வேலை செய்த ஒருவன்