வெளிநாடு போகுமுன் பி.எஃப். கணக்கு

ஆசிரியருக்கு,

வளைகுடா வேலைவாய்ப்பு பற்றிய செய்தியில் சம்பளம் மட்டுமே ஒப்பிடப்பட்டிருந்தது. ஓய்வூதியத்தையும் பார்க்க வேண்டும். பி.எஃப். மாத ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணி தேவை. என் மைத்துனர் ஓசூரில் 7 ஆண்டுகள் வெல்டராக இருந்துவிட்டு, ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துக்கொண்டு துபாய் போனார். 54 வயதில் திரும்பி மீண்டும் வேலையில் சேர்ந்தார். 58-க்குள் 4 ஆண்டுகள்தான் சேரும். பணத்தை எடுத்துவிட்டதால் பழைய 7 ஆண்டுகள் கணக்கில் இல்லை. துபாயில் கிடைத்த பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே, படிகள் சேரவில்லை.

பணத்தை எடுக்காமல் படிவம் 10சி கொடுத்து, பழைய பணி ஆண்டுகளைக் கணக்கில் காக்கும் ஸ்கீம் சான்றிதழ் வாங்கியிருந்தால், 11 ஆண்டுகள் ஆகியிருக்கும். சரி, இதை யார் சொல்வது? ஆள் அனுப்பும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே பயணத்துக்கு முன் விளக்கலாம்.

- ஒரு வாசகர், கிருஷ்ணகிரி