வேலை விளம்பரத்தில் கைக்கு வரும் சம்பளத்தைப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சேலம் பக்கத்து நூற்பாலை ஒன்றின் சம்பளப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை வேலைவாய்ப்பு வரி விளம்பரங்களைப் பற்றி எழுதுகிறேன். பாதிக்கு மேற்பட்ட விளம்பரங்களில் சம்பளம் என்று வருவது 'ஆண்டுக்கு 3.6 லட்சம் சி.டி.சி.' என்பது போன்ற ஒரு வரிதான். அந்த வரியை நம்பி எங்கள் அம்மாபேட்டை வீதியில் ஒரு வீடு பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தேன்.

2023-ல் எங்கள் எதிர்வீட்டுப் பெண் அப்படியொரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் ஜங்ஷன் பக்கம் ஒரு தனியார் அலுவலகத்தில் சேர்ந்தாள். 3.6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 30,000. அதே வாரம் ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்புப் பிரிவிலும் வேலை கிடைத்திருந்தது. அங்கே சாப்பாடும் தங்க இடமும் கொடுத்து, கையில் 21,000 தருவதாகச் சொன்னார்கள். மாதம் 9,000 குறைகிறதே என்று அதை விட்டுவிட்டாள். வீட்டில் அப்பாவுக்குத் தறி வேலை. மகளுக்கு 30,000 வரப் போகிறது என்ற தைரியத்தில் மாதம் 5,000 ரூபாய் சீட்டு ஒன்றும் சேர்ந்துவிட்டார்.

முதல் மாதம் வங்கிக் கணக்கில் ஏறியது 22,200. "மாமா, 7,800 ரூபாயைப் பிடிச்சுட்டாங்க" என்று பணி நியமனக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னிணைப்பைப் பிரித்துப் பார்த்தேன். கணக்கில் தவறே இல்லை. எல்லாம் அங்கேயே எழுதியிருந்தது.

சி.டி.சி. என்பது அந்த ஆளை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அதில் சம்பளமும் ஒரு பகுதி, அவ்வளவுதான். இந்தப் பெண்ணின் 30,000-ல் அடிப்படைச் சம்பளம் 15,000, வீட்டு வாடகைப்படி 6,000, சிறப்புப்படி 3,000. ஆக, மாதச் சம்பளம் என்று சொல்லத்தக்கது 24,000. மீதி 6,000-ல் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் வருங்கால வைப்புநிதி, அடிப்படையில் 12 சதவீதம், 1,800 ரூபாய். பணிக்கொடைக்கென்று 4.81 சதவீதம், 722 ரூபாய். மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 478. மிச்சமுள்ள 3,000, 'செயல்திறன் ஊதியம்' என்ற பெயரில் ஆண்டு முடிவில் தருவது. அப்புறம் அந்த 24,000-லிருந்து அவளுடைய பங்கு வைப்புநிதி 1,800 கழிந்தால் 22,200. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரியும் பிடிப்பார்கள்.

வைப்புநிதி எங்கும் போய்விடாது, அவள் பணம்தான். நிறுவனத்தின் 1,800-ல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்கும் 550 அவள் கணக்குக்கும் போகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பணிக்கொடைதான் எனக்கு உறுத்துவது. நிரந்தரப் பணியாளர் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான், இறப்பு, உடல் ஊனம் போன்ற நிலை தவிர, அது கைக்கு வரும். ஆனால் சி.டி.சி. கணக்கில் முதல் நாளிலிருந்தே அவளுக்குக் கொடுப்பதாக ஏறிவிடுகிறது. அந்த 3,000-மும் அப்படித்தான். ஆண்டு இறுதியில் பணியில் இருக்க வேண்டும், ராஜினாமா கொடுத்திருக்கக் கூடாது என்று நிபந்தனை. ஏற்காட்டு வேலைக்கும் இதற்கும் உண்மையில் இருந்த வித்தியாசம் 1,200 ரூபாய். சாப்பாட்டையும் அறையையும் கணக்கில் சேர்த்தால் ஏற்காடுதான் மேல். இதை விளம்பரத்தைப் பார்த்து அவள் எப்படித் தெரிந்துகொள்வாள்?

அடுத்தது நோட்டீஸ் பீரியட். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நியமனக் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது: தகுதிகாண் காலம் ஆறு மாதம், எழுத்துமூலம் உறுதிசெய்யும் வரை அது நீடிக்கும், அந்தக் காலத்தில் நிறுவனம் ஏழு நாள் நோட்டீஸில் அனுப்பலாம், பணியாளர் விலகினால் 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும் அல்லது 'அதற்கான சம்பளத்தை' கட்ட வேண்டும். அவர்களுக்கு ஏழு நாள், அவளுக்குத் தொண்ணூறு நாள்.

எட்டாம் மாதம் அவளுக்கு வேறு நல்ல வேலை கிடைத்தது. 30 நாளில் சேரச் சொன்னார்கள். உறுதிசெய்யும் கடிதம் அதுவரை வரவே இல்லை. 60 நாள் குறைகிறது என்று பழைய அலுவலகம் 60,000 ரூபாய் கேட்டது. அதாவது சி.டி.சி.யை வைத்து இரண்டு மாதம். ஒரு மாதம்கூட அவள் கண்ணால் பார்க்காத 30,000-த்தை அவளிடம் திரும்பக் கேட்கிறார்கள்! மாதச் சம்பளத்தை வைத்தால் 48,000, அடிப்படையை மட்டும் வைத்தால் 30,000. கடிதத்தில் 'சம்பளம்' என்று மட்டும்தான் இருந்தது, எந்தச் சம்பளம் என்று இல்லை. எந்த அடிப்படையில் கணக்கிட்டீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்கச் சொன்னேன். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். மூன்று வாரம் இழுத்து அடிப்படைச் சம்பளத்துக்கு இறங்கி வந்தார்கள். புதிய இடத்திலும் 15 நாள் கூடுதலாகக் கொடுத்ததால், நோட்டீஸில் விழுந்த குறைவு 60 நாளிலிருந்து 45 நாளாக இறங்கியது. 22,500 ரூபாயைக் கடைசி செட்டில்மென்டில் பிடித்துக்கொண்டு ரிலீவிங் லெட்டர் கொடுத்தார்கள். எட்டு மாதத்துச் செயல்திறன் ஊதியம் 24,000 வரவில்லை. பணிக்கொடையும் இல்லை. அப்பா சீட்டைப் பாதியில் நிறுத்தினார்.

அந்த ஏழு நாள் நிபந்தனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 41-ஆவது பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமில்லாமல் நீக்க முடியாது. நீக்குவதென்றாலும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனம் விசாரணையில் நிரூபணமானால்தான் விலக்கு. தகுதிகாண் காலத்தை எத்தனை மாதம் நீட்டினாலும் இந்தப் பாதுகாப்பு போய்விடாது. ஆனால் இது நிறுவனம் நீக்கும்போது மட்டும்தான். தானாக விலகும் பெண்ணுக்கு 90 நாளைக் குறைத்துத் தராது. அவள் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

ஆகவே உங்களிடம் ஒரு கோரிக்கை. வரி விளம்பரம் கொடுக்க வருபவரிடம் உங்கள் அலுவலகம் ஒரு படிவம் தருகிறது. அதில் மூன்று கட்டம் கூடுதலாகச் சேருங்கள்: முதல் மாதம் கைக்கு வரும் தொகை, தகுதிகாண் காலம், இரு தரப்புக்கும் நோட்டீஸ் எத்தனை நாள். கூடுதல் ஒரு வரிக்குக் கட்டணம் வேண்டாம். சி.டி.சி.யைப் போடுவதானால் போடட்டும், பக்கத்திலேயே இதுவும் இருக்கட்டும். சம்பளப் பிரிவில் இருக்கும் எவருக்கும் இது பத்து நிமிட வேலை. நானே நூற்றுக்கணக்கான பேருக்கு இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். கைக்கு என்ன வரும் என்பது விளம்பரம் கொடுக்கும் அன்றே நிறுவனத்துக்குத் தெரியும்.

அதுவரை, வேலைக்குப் போகும் பிள்ளைகள் ராஜினாமா செய்யும் நாளில் பார்க்கும் அந்த நான்காம் பக்கத்தைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். 'சம்பளம்' என்று வரும் இடத்தில் எல்லாம் அடிப்படையா, மொத்தமா, சி.டி.சி.யா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெண் புதிய இடத்தில் அப்படித்தான் கேட்டாள். 'அடிப்படைச் சம்பளம், 30 நாள், இரு தரப்புக்கும்' என்று திருத்திக் கொடுத்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைக் கணக்கர்,
அம்மாபேட்டை, சேலம்.